25 கிலோ மூட்டை, இடுப்புக்கு எத்தனை கிலோ?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசியை மொத்தமாக வாங்கி, 25 கிலோ பைகளில் போட்டு வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். லோடு ஏற்ற மூன்று பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் கீழிருந்து தூக்கி வைக்க, ஒருவர் வண்டி மேலே நின்று அடுக்குவார். காலை 6 மணிக்கு ஆரம்பித்து 8 மணிக்குள் இரண்டு வண்டி போயாக வேண்டும். மூன்று பேருக்கும் இடுப்பு வலி. ஒருவருக்கு வலது காலில் கெண்டைச் சதை வரைக்கும் இழுக்கிறது. போன வருடம் எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். முழங்காலை மடக்கித் தூக்கவும் சொல்லிக் கொடுத்தோம். ஒன்றும் மாறவில்லை. 25 கிலோ அப்படியொன்றும் பெரிய எடையும் இல்லையே? இதைவிட நல்ல பெல்ட் இருக்கிறதா? வீடியோவும் டேப் வைத்து எடுத்த அளவுகளும் அனுப்பியிருக்கிறேன். நாள் முழுக்க லேப்டாப்பில் பில் போடும் எனக்கும் கழுத்து வலிக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா, முதலில் பெல்ட்டை முடித்துவிடுவோம். இன்னொரு பெல்ட்டுக்குப் பணம் செலவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ், 160 கடைகளில் சரக்கைக் கையாளும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. தினமும் பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடுப்பு வலியிலோ காயத்திலோ வித்தியாசம் இல்லை. தூக்கும் முறையைப் பற்றிய பயிற்சியும் இப்படித்தான். பயிற்சி மட்டும் கொடுத்தால் இடுப்பு வலி குறைகிறது என்பதற்கு, இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆலையில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுத்தேன். எல்லோரும் அழகாக முழங்காலை மடக்கிக் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது பழையபடி குனிந்துதான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மீது தவறு இல்லை. ஒரு மணி நேரத்தில் அறுபது முறை உட்கார்ந்து எழுந்தால் தொடை சோர்ந்துவிடும், மூச்சு வாங்கும். அதுவும் தரையில் கிடக்கும் மூட்டை அகலமாக இருந்தால் அது இரண்டு முழங்காலுக்கு நடுவில் வராது. முழங்காலுக்கு முன்னால்தான் நிற்கும். அப்போது முழங்காலை மடக்கினால் மூட்டை உடம்பை விட்டு இன்னும் தள்ளிப் போகும். இடுப்புக்குப் பாரம் கூடத்தான் செய்யும்.

இந்தத் ‘தள்ளி’ என்ற வார்த்தையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. உங்கள் பகுதியில் பழைய தூக்குக்கோலைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் குண்டைக் கோலின் நுனிப் பக்கம் நகர்த்தினாலே மறுபக்கத்தில் பெரிய மூட்டை ஏறும். நம் முதுகும் அப்படி ஒரு கோல்தான், ஆனால் நமக்கு எதிராக வேலை செய்கிற கோல். முதுகெலும்பின் அடியில், கடைசி இடுப்பு எலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கும் வட்டு அதன் தாங்குபுள்ளி. முதுகை நிமிர்த்தும் தசைகள் அந்தப் புள்ளிக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கின்றன. மூட்டை அதற்கு முன்னால் 45 செ.மீ. தள்ளி இருந்தால், ஒன்பது மடங்கு தூரம். 25 கிலோவைத் தாங்க அந்தத் தசைகள் ஏறக்குறைய 225 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனியும்போது தலை, மார்பு, கைகளின் எடையும் முன்னால் போய் அதோடு சேர்கிறது. அந்த இழுப்பு முழுவதும் நடுவில் இருக்கும் வட்டை நசுக்குகிறது.

சரி, உங்கள் குடோன் கணக்குக்கு வருவோம். இதற்கு நியோஷ் வகுத்த ஒரு சூத்திரம் இருக்கிறது. 1981-ல் முதலில் வெளியிட்டு, 1991-ல் திருத்தினார்கள். எல்லாம் சாதகமாக அமைந்தால் ஒருவர் இரண்டு கையாலும் தூக்கலாம் என்று அது வைத்திருக்கும் உச்ச எடை 23 கிலோ. சாதகம் என்றால், மூட்டை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், கை இருக்கும் உயரம் தரையிலிருந்து 75 செ.மீ. இருக்க வேண்டும், திரும்பக் கூடாது, நல்ல பிடி வேண்டும், எப்போதாவதுதான் தூக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் அந்த 23-ஐ ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணால் பெருக்கிக் குறைத்துக்கொண்டே போகிறோம்.

உங்கள் வண்டிக்குக் கீழே நிற்கும் இரண்டு பேரைப் பார்த்தேன். தைத்து முடித்த பை தரையில் படுத்திருக்கிறது. தூக்கும் நேரத்தில் கை, கணுக்காலிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கிறது. உடம்பை ஒட்டி என்பதற்குச் சூத்திரம் வைத்திருக்கும் தூரம் 25 செ.மீ. அதை 45-ஆல் வகுத்தால் 0.56. இந்த ஒரு விஷயத்திலேயே பாதிக்கு அருகில் போய்விட்டது. கையின் உயரம் 15 செ.மீ. அதாவது 75-லிருந்து 60 செ.மீ. கீழே. ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.003 கழித்தால் 0.82. அங்கிருந்து வண்டித் தளத்தில் வைக்கும்போது கை 105 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மொத்தம் 90 செ.மீ. மேலே போகிறது, அதற்கு 0.87. பை இவர்களுக்குப் பக்கவாட்டில் கிடப்பதால் சுமார் 45 பாகை திரும்பித் தூக்குகிறார்கள், அதற்கு 0.86. ஒருவர் நிமிடத்துக்கு ஒரு பை வீதம் இரண்டு மணி நேரம் தூக்குகிறார், அட்டவணையில் அதற்கு 0.88. பையில் கைப்பிடி கிடையாது, சுருங்கி வழுக்குகிறது, 0.90.

```
23 × 0.56 × 0.82 × 0.87 × 0.86 × 0.88 × 0.90 = 6.3 (சுமார்)
```

இவர்கள் நிற்கும் நிலையில், இந்த வேகத்தில் தூக்கத்தக்க எடை 6 கிலோவைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆனால் தூக்குவது 25. நான்கு மடங்கு. இந்த மடங்கு 1-ஐத் தாண்டும்போதே ஆபத்து தொடங்குகிறது. 3-ஐத் தாண்டினால் தூக்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இடுப்பில் கோளாறு வர வாய்ப்பு மிகவும் அதிகம். மூன்று பேருக்கும் வலி இருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. இளவயது ஆட்களை மாற்றிப் போட்டாலும் கொஞ்ச நாளில் அவர்களும் இதே இடத்துக்குத்தான் வருவார்கள்.

இப்போது இந்தப் பெருக்கலைத் திரும்பப் பாருங்கள். மூட்டையின் எடையை நாம் இன்னும் தொடவே இல்லை. உங்கள் கையில் இருப்பது மற்ற எண்கள். அவற்றில் மூன்றை ஒரே ஒரு மர மேடை சரிசெய்துவிடும். 60 செ.மீ. உயரத்துக்கு, உறுதியான கால்களோடு ஒரு மேடை போட்டு, தைத்த பை அதன் விளிம்பில் இருக்கும்படி செய்யுங்கள். பையின் மேல் கை வைக்கும் இடம் 75 செ.மீ. ஆகிவிடும். குனிய வேண்டியதில்லை. மேடைக்கு அடியில் பாதம் நுழைய இடம் விடுங்கள். அப்போது ஆள் நெருங்கி நிற்க முடியும், கணுக்காலிலிருந்து கை 30 செ.மீ. தூரத்துக்குள் வந்துவிடும். வண்டியை மேடைக்கு எதிரே நிறுத்தி, இரண்டு எட்டு வைக்கும் இடைவெளி விட்டால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புவார்கள். மேடையும் வண்டியும் ஒட்டி இருந்தால் கால் நகராது, முதுகுதான் திரும்பும். அதனால் அந்த இடைவெளி முக்கியம்.

புதுக் கணக்கு இது:

```
23 × 0.83 × 1 × 0.97 × 1 × 0.88 × 0.90 = 14.7 (சுமார்)
```

25-ஐ 14.7-ஆல் வகுத்தால் 1.7. அதே பை, அதே ஆள், அதே இரண்டு மணி நேரம். நான்கிலிருந்து 1.7-க்கு வந்திருக்கிறது. இன்னும் 1-ஐத் தாண்டித்தான் இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டால் 15 கிலோ பைக்கு மாறுங்கள், கணக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது முடியாவிட்டால் மேடையிலிருந்து வண்டித் தளத்துக்கு ஒரு சாய்வுப் பலகையோ உருளைப் பாதையோ வைத்துப் பையைத் தள்ளிவிடுங்கள். தூக்கும் வேலையே இல்லாமல் போகிறது. என்னைக் கேட்டால் அதுதான் சிறந்தது. ஆனால் பலகையின் சாய்வு வண்டிப் பக்கம் இறங்க வேண்டும். மேல்நோக்கித் தள்ள வைத்தால் வலி தோளுக்குப் போய்விடும். அதற்கு மேடை வண்டித் தளத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டித் தளத்தின் உயரத்தை அளந்துவிட்டுத்தான் ஆசாரியிடம் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு தவறு நடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மேடை வந்துவிடும், லோடு ஆட்களுக்கு வலி குறையும், இரண்டு மாதத்தில் பை தைக்கும் பெண்களுக்கு இடுப்பு வலி வரும். காரணம், பையைத் தரையில் வைத்து நிரப்பி, தைத்து, பிறகு அவர்கள்தான் மேடைக்கு ஏற்றுகிறார்கள். பாரம் ஆண்களிடமிருந்து பெண்களிடம் மாறியதே தவிர குறையவில்லை. அதனால் தராசும் தையல் மெஷினும் மேடை மீதே ஏற வேண்டும். காலிப் பையை மேடையில் உள்ள தராசில் நிறுத்தி, முறத்தாலோ கோப்பையாலோ கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிலோதான் கைக்கு வரும். பையின் வாய் அவர்களுக்கு மார்புக்கு மேல் போனால் தோள் வலிக்கும். அவர்கள் நிற்கும் இடத்தில் 20 செ.மீ. உயரத்துக்கு அகலமான பலகைப் படி ஒன்று போட்டால் வாய் முழங்கை உயரத்துக்கு வரும். நிரம்பிய பையைத் தராசிலிருந்து தூக்க விடாதீர்கள், மேடை மேலேயே இழுத்து நகர்த்தினால் போதும்.

வண்டி மேலே நிற்பவர் வேறு கணக்கு. அவர் தளத்தில் குனிந்து முதல் அடுக்கை வைக்கிறார், பிறகு மேல் அடுக்குகளுக்குக் கையை உயர்த்துகிறார். அவருக்கு மேடை உதவாது. மூவரும் அரை மணிக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்வதும், பையை அவர் நிற்கும் இடத்துக்கே தள்ளி அனுப்புவதும்தான் வழி. கீழே இருப்பவர் எக்கி வைத்து, அவர் எட்டி இழுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கை 63 செ.மீ. தாண்டி நீண்டாலே, அங்கே எந்த எடையையும் தூக்கக் கூடாது என்றுதான் இந்தச் சூத்திரம் சொல்கிறது.

இந்தச் சூத்திரத்துக்கு எல்லை இருக்கிறது. ஒற்றைக் கையால் தூக்குவதற்கும், உட்கார்ந்தபடி தூக்குவதற்கும், தோளில் சுமந்து நடப்பதற்கும் இது பொருந்தாது. ஜவ்வரிசி சிந்தி வழுக்கும் தரைக்கும் பொருந்தாது, அதைக் கூட்டித் தள்ளுவதும் இடுப்பைக் காக்கும் வேலைதான். வெப்பம் 19 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருக்கும் இடத்தை மனதில் வைத்து வகுத்தது. சித்திரை மாதத்தில் நம் தகரக் கூரைக் குடோன் எந்த நிலையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது 14.7 என்பதையும் நம்பக் கூடாது, ஆட்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அந்த வகையில் காலையில் ஏற்றுவது நல்லதுதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். 5.30 மணிக்கு எழுந்து நேராக வந்து 6 மணிக்கு முதல் பையைத் தூக்குகிறவர் இருந்தால், அவரை முதல் அரை மணி நேரம் தைக்கும் பக்கம், சீட்டு எழுதும் பக்கம் விடுங்கள்.

காலில் இழுக்கிறது என்ற தொழிலாளியை நாளையிலிருந்து தூக்க விடாதீர்கள். வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நரம்பு அழுந்தியிருக்கிறது என்று பொருள். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றோ, ஆபரேஷன் என்றோ பயப்பட வேண்டாம். இவர்களில் நிறையப் பேருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே தணிகிறது. நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதும் தேவையில்லை. தாங்கும் அளவுக்கு நடக்கலாம். ஆனால் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமலே போனாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலே நரம்பு திரும்பாமல் போகலாம்.

அவருக்கு இந்தக் காலத்தில் சீட்டு எழுதும் வேலையோ தராசு பார்க்கும் வேலையோ கொடுத்து, கூலியைக் குறைக்காதீர்கள். இதை நான் இரக்கத்துக்காக மட்டும் கேட்கவில்லை. வலி என்று சொன்னவருக்குக் கூலி குறைந்ததை மற்ற இருவரும் பார்த்தால், அவர்கள் இனிமேல் சொல்ல மாட்டார்கள். வலி நரம்பு வரை போன பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

மேடை போட்ட பிறகு பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இப்போதே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள். கழுத்து, தோள், மேல்முதுகு, இடுப்பு, மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லி, கடந்த ஏழு நாளில் அங்கே வலி இருந்ததா, அதனால் ஏதாவது வேலையை விட வேண்டி வந்ததா என்று மட்டும் கேட்டால் போதும். பெண்களையும் சேர்த்துக் கேளுங்கள். முதலாளி கேட்டால் ‘ஒண்ணும் இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு இணக்கமான ஒருவரைக் கேட்க வையுங்கள். மூன்று மாதம் கழித்து இதே கேள்விகளைக் கேளுங்கள். இடுப்பு குறைந்து தோள் கூடியிருந்தால் மேடை உயரமாகிவிட்டது. இரண்டும் குறையாவிட்டால் ஆட்கள் பழைய இடத்திலிருந்தே தூக்குகிறார்கள், வீடியோ எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் கழுத்து. நீங்கள் அதையும் இதையும் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள், ஆனால் இரண்டும் ஒன்றுதான். தலை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அது கழுத்தெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் திரையைப் பார்க்கத் தலையை முன்னால் நீட்டிக் குனிந்தால், அது உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்த மூட்டை. பின்கழுத்துத் தசைகள் நாள் முழுக்க அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. லோடு ஆட்களுக்கு ஒவ்வொரு பைக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு உண்டு, உங்களுக்கு அதுவும் இல்லை.

பழைய பில் புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை உயர்த்துங்கள். ஆனால் அதோடு தனிக் கீபோர்டும் மவுஸும் கட்டாயம் வாங்க வேண்டும். லேப்டாப்பை மட்டும் உயர்த்தி அதன் கீபோர்டிலேயே அடித்தால் கை தூக்கியபடியே இருக்கும், கழுத்து வலி தோளுக்கு மாறும். கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்கட்டும். பில் எழுதிய சீட்டை மேசையில் படுக்க வைத்துப் பார்க்காமல் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்துங்கள், ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தடவை குனிவது மிச்சமாகும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து மேடைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். ஆட்கள் பைக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்று அப்போது பார்த்துவிடலாம்.